நான் எழுதாமல் விட்ட ஐந்தாவது வரி

பிள்ளைகளே, நான் பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எழுத்து வேலை என்றால் ஆபீஸில் எழுதியதுதான். அதனால் இதிலும் ஆபீஸ் வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிறப்பதற்கு முன், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்திருந்த சமயத்தில், நான் செய்த ஒரு தப்பை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. உங்கள் அம்மைக்குத் தெரியும். அவள் இன்றுவரை அதைப் பற்றி என்னைக் கேலி செய்ததில்லை. மற்ற எதையும் விட்டுவைத்ததும் இல்லை.

அப்போது தாலுகா ஆபீஸின் பதிவறையில் எனக்கு வேலை. பழைய பதிவேடுகளையும் கட்டுகளையும் கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் அதே இடத்தில் வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். நிரந்தரம் ஆகவில்லை. ஆற்றங்கரை வயல்காட்டிலிருந்து வந்தவனுக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளாமல் கண்ணெல்லாம் எரியும். பதிவறைக்குள் போய்விட்டால் காற்றே இல்லை, தூசிதான். கண் எரிச்சல் மட்டும் அங்கேயும் இருந்தது.

ஓர் ஆகஸ்டு மாதம் இன்லண்ட் லெட்டர் ஒன்று வந்தது. ‘பொறுப்பாளர், பழைய ஆவணக் காப்பகம், தாலுகா அலுவலகம்’ என்று முகவரி. அனுப்பியவர் ஊரிலேயே இருந்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதுகிற நிருபர். ஊதா மை, சாய்வான எழுத்து. விஷயம் சுருக்கமாக இருந்தது. ‘ஒரு சம்பவம் நடந்த தேதி மட்டும் தெரியும், ஆவணத்தின் எண் தெரியாது என்றால், தங்கள் காப்பகத்தில் பழைய பதிவேடுகளைத் தேதியை வைத்துத் தேடுவது எப்படி? பொதுமக்களுக்குப் பயன்படும் வகையில் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

எந்தச் சம்பவம், எந்தத் தேதி என்று ஒரு வார்த்தை இல்லை.

கடிதத்தை ஹெட் கிளார்க்கிடம் கொண்டுபோனேன். அவர் முகவரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்.

“ஆவணக் காப்பகமாம்லா. கரையான் காப்பகம்னு எழுதியிருந்தா நேரா வந்து சேந்திருக்கும். பதில் போட்டிரு.”

“என்னன்னு எழுத அண்ணாச்சி?”

“அவன் கேட்டதுக்கு மட்டும் எழுது. நாலு வரி. பத்திரிகைக்காரனுக்கு அஞ்சாவது வரி எழுதுனேன்னு வையி, அதைத்தான் பேப்பர்ல போடுவான்.”

நாலு வரி எழுதினேன். கார்பன் நகலைப் பிறகு பல தரம் எடுத்துப் பார்த்ததால் அது இன்றும் எனக்கு மனப்பாடம். நிலம் சம்பந்தமான பதிவேடுகள் எங்கள் ஆபீஸில் ஆங்கில வருஷப்படி இருக்காது, பசலி வருஷப்படி இருக்கும் என்பது முதல் வரி. ஆங்கில வருஷத்திலிருந்து ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கழித்தால் பசலி வரும் என்பது இரண்டாவது. கிராமத்தின் பெயரையும் பசலியையும் குறிப்பிட்டு, உரிய ஸ்டாம்பு ஒட்டி மனுக் கொடுத்தால் தேடி நகல் தரப்படும் என்பது மூன்றாவது. நான்காவது வரி ‘தங்கள் உண்மையுள்ள’. அதையும் வரிக் கணக்கில் சேர்த்துவிட்டேன். ஹெட் கிளார்க் கையெழுத்துப் போட்டார், தபாலில் போய்விட்டது.

பசலி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. விளைச்சலை வைத்து வந்த வருஷக் கணக்கு. ஜூலை முதல் தேதி பிறந்து மறுவருஷம் ஜூன் முப்பதில் முடியும். ஆக, ஒரே ஆங்கில வருஷத்தின் முன்பாதி ஒரு பசலி, பின்பாதி அடுத்த பசலி. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை என்றால் ஐந்நூற்றுத் தொண்ணூறைக் கழிக்கணும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை என்றால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. இந்த ‘ஒன்று’தான் நான் எழுதாதது.

தெரியாமல் விடவில்லை. தெரிந்துதான் விட்டேன் என்றும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் ஜமாபந்தி வந்து, கிராமக் கணக்கையெல்லாம் சரிபார்த்துப் பழைய புத்தகத்தைக் கட்டி, ஜூலையில் புதுப் புத்தகம் திறக்கிற இடத்தில் இருப்பவனுக்கு, ஏப்ரல் மாதம் பழைய புத்தகத்தில்தான் இருக்கும் என்பது சொல்ல வேண்டிய விஷயமாகவே படாது. நான் எழுதியதோ ஆகஸ்டில். மேஜையில் அப்போதுதான் திறந்த புதுப் புத்தகம். அதைப் பார்த்துக் கழித்தேன், சரியாக வந்தது, எழுதிவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மனு வந்தது. கடற்கரைக் குடியிருப்பு ஒன்றில் இருக்கும் ஒரு விதவை, தனக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டுமனைக்கு உத்தரவு நகல் கேட்டிருந்தாள். பசலி எண், கிராமம், பெயர், ஸ்டாம்பு எல்லாம் முறையாக இருந்தன. நிலம் கேட்டு வரும் மனுவுக்கு எங்கள் ஆபீஸில் தர்க்காஸ்து என்று பெயர். அந்தப் பசலியின் தர்க்காஸ்துப் பதிவேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்த்தேன். அந்தக் கிராமம் இருந்தது, அந்தப் பெயர் இல்லை. சோம்பலாகப் பார்க்கவில்லை, இரண்டு தரம் பார்த்தேன். ‘மனுவில் கண்ட பசலியில் தேடியதில் மனுதாரர் பெயரில் பதிவு ஏதும் இல்லை’ என்று எழுதி, ஹெட் கிளார்க் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். அந்த மனு ஊதா மையில் இருந்தது. அன்று அது என் கண்ணில் படவே இல்லை.

அக்டோபரில் மழை மேகம் கூடத் தொடங்கியிருந்தது. ஒரு புதன்கிழமை காலை, பதிவறைக் கம்பிக் கதவுக்கு வெளியே ஓர் அம்மாள் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னக் குருசு. கையில் ஒரு பிஸ்கட் டின்.

“எம்பேரு இல்லேன்னு எழுதுனது யாரு?”

சத்தம் போடவில்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

“என்ன விஷயம்மா?”

“விஷயத்த பொறவு சொல்லுதேன். எழுதுனது யாரு?”

“நாந்தான்.”

“வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்கூட்டப் பிரிக்க வாராவ. நீரு எழுதுன தாளப் பாத்துட்டுத்தான் தாசில்தாரு உத்தரவு போட்டாராம். அதான், எழுதுன கை எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். புருஷன் சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் போன இடத்தில் மூச்சு முட்டி இறந்துபோனார். அப்படிப் போனவர்களின் பெண்டாட்டிமார் மூன்று பேருக்குப் பல வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் மனை கொடுத்தது. சிலுவை நட்ட மேடையான குருசடிக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டு, கையில் தாள் கொடுத்தார்கள். தாள் புயலில் போய்விட்டது. மற்ற இருவரும் மனையை விட்டு மகள் வீட்டுக்கு எப்போதோ போய்விட்டார்கள். இப்போது துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கிறாய், எடு என்று நோட்டீஸ். இது எனக்குக் கொடுத்த இடம் என்று சொல்லிப் பார்த்தாள். தாளைக் காட்டு என்றார்கள். நகல் வாங்கப் பத்திரிகைக்காரர்தான் மனு எழுதிக் கொடுத்தார்.

“அவரு முறையாக் கேட்டுத்தான் எழுதுனாரு. ஒங்க ஆபீசுலருந்தே பதில் வந்துச்சே, இப்படி இப்படித் தேடணும்னு.”

எனக்கு அப்போதுதான் ஊதா மை ஞாபகம் வந்தது. மனுக் கட்டை எடுத்தேன். அதே சாய்வெழுத்து.

“எந்த வருஷம் எந்த மாசம்னு ஞாபகம் இருக்காம்மா?”

“மாசம் என்ன மாசம், தவசுக் காலம். பெரிய வியாழனுக்கு முந்துன வாரம். லட்டு குடுத்தாவ, நான் ஒறுத்தல்ல இருந்ததால திங்கல. பக்கத்துவீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். அதைக்கூடவா மறந்துருவேன்.”

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களைச் சொல்கிறாள் என்று புரிந்தது. டின்னைத் திறந்து ஒரு தினசரித் தாளின் கிழிசலை நீட்டினாள். மடிப்பில் மடிப்பில் பிய்ந்துபோயிருந்தது. படத்தில் மூன்று பெண்கள், முகம் தெரியாதபடி மை அப்பியிருந்தது. மேல் ஓரத்தில் தேதி மட்டும் பிழைத்திருந்தது. ஏப்ரல் மாதம்.

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. மனுவில் இருந்த பசலி அதற்கு அடுத்தது. அவர் என் கடிதத்தில் இருந்தபடி, ஒரு எண்கூடப் பிசகாமல் கழித்திருந்தார். நான் ஏப்ரல் மாதத்துக்காரியை ஜூலையில் திறந்த புத்தகத்தில் தேடி, இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதை அந்த அம்மாளிடம் அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “இன்னொரு தரம் பாக்கேன்” என்று மட்டும் சொன்னேன்.

ஹெட் கிளார்க்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஏலே, இல்லேன்னு எழுதிக் குடுத்ததும் நீ. இப்போ இருக்குங்கியதும் நீ. தாசில்தாரு உன்னைக் கேப்பாரா, கையெழுத்துப் போட்ட என்னைக் கேப்பாரா?”

“என்னையத்தான் கேக்கச் சொல்லி நோட்டு எழுதுதேன் அண்ணாச்சி.”

“வீராதி வீரன்லா. நீ நிரந்தரம் ஆகலங்கறது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “பழைய மனுவுல தேட முடியாது. அது முடிஞ்சுபோன மனு. புது மனு வாங்கு. ஸ்டாம்பு ஒட்டச் சொல்லு. ரெண்டு பசலியையும் போடச் சொல்லு” என்றார்.

பத்திரிகைக்காரரைத் தேடி ஆள் அனுப்பினேன். விளாத்திகுளத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று தகவல் வந்தது. மனுவை நானே எழுதினேன். அந்த அம்மாள் தமிழில் கையெழுத்துப் போட்டாள், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக.

பிற்பகல் ஆகிவிட்டது. சரியான பசலியின் அலமாரிக்குப் போனேன். மேல்தட்டு, இடமிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். தர்க்காஸ்துப் பதிவேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அட்டைதான் செருகியிருந்தது. பதிவேட்டை யாராவது எடுத்துக்கொண்டு போனால் அதன் இடத்தில் எடுத்தவர் யார் என்று எழுதி அட்டை வைப்போம். துறைமுகத்துக்கு நிலம் எடுக்கும் தனி தாசில்தார் ஆபீஸ் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து எனக்கு முன்னால் வேலை பார்த்தவருடையது. கொண்டுபோய் வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

வெளியே வந்து சொன்னேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தாள்.

“பொஸ்தகமும் இல்லியா?”

“இருக்கும்மா. வேற ஆபீசுல இருக்கு. நாளைக்குப் போய் எடுத்தாரேன்.”

“நாளைக்கு வியாழன்” என்றாள். டின்னை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மை என்னவென்று கேட்டாள். கேட்டதும் சொல்லிவிட்டேன். “அந்தப் பொம்பளைகிட்ட சொன்னீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “புத்தகம் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் அத மொதல்ல சொல்லணும்” என்று எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஹெட் கிளார்க்கிடம் கடிதம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன். உப்பளங்களுக்கு நடுவில் ரோடு. எதிர்க்காற்று. மழைக்கு முன்னால் உப்பை வாரிக் கூட்டி ஓலை மூடுகிற வேலை இரண்டு பக்கமும் நடந்துகொண்டிருந்தது. தனி தாசில்தார் ஆபீஸ் என்பது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட். உள்ளே ஒரு கிளார்க் மட்டும் இருந்தார். கடிதத்தைப் படித்தார்.

“இருக்கும். பீரோவுக்குள்ள இருக்கும். சாவி சூப்பிரண்டுகிட்ட. அவரு நெலம் அளக்கப் போயிருக்காரு.”

“எப்ப வருவாரு?”

“அளந்து முடிஞ்சா வருவாரு. மூணு மணி ஆகும்.”

மணி பதினொன்று. ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கப்பல் சங்கு ஊதியது. அந்தக் கிளார்க் டிபன் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி வைத்து, என்னைப் பார்த்தார்.

“ஒரு புத்தகத்துக்கு இப்படி வேர்க்குதே ஒமக்கு. யாரு, சொந்தக்காரங்களா?”

“இல்ல. என் தப்பு.”

அவர் எழுந்து வந்தார். தண்ணீர் கொடுத்தார்.

சூப்பிரண்டு மூன்றேகாலுக்கு வந்தார். பீரோ திறந்தது. புத்தகம் இருந்தது. முதுகு பிய்ந்து, சணல் கயிறு கட்டி. நின்றபடியே பிரித்தேன். பத்திரிகையில் இருந்த ஏப்ரல் தேதிக்குப் போனேன். அந்தத் தேதியில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த பக்கங்களில் வேறு கிராமங்கள். மே, ஜூன் வரை தள்ளினேன். இல்லை. மறுபடி இல்லை என்று எழுத வேண்டியிருந்தால் நான் அந்த அம்மாள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

கிளார்க் எட்டிப் பார்த்தார்.

“என்ன தேதி பாக்கீரு?”

“பேப்பர்ல வந்த தேதி.”

“பேப்பர்ல வந்தது கூட்டம் போட்டுக் குடுத்த தேதில்லா. ஆபீசரு உத்தரவுல கையெழுத்துப் போட்டது என்னைக்கோ? கூட்டத்துக்கு யாராவது பெரிய ஆளு வரணும்னு வச்சிருந்து வச்சிருந்துல்லா குடுப்பானுவ. பின்னால பாக்காதீரும், முன்னால பாரும்.”

பத்திரிகையின் தேதி ஊர் பார்த்த தேதி. எங்கள் புத்தகத்தின் தேதி கையெழுத்து விழுந்த தேதி. இதையும் நான் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஏப்ரலுக்கு முந்தைய மாதங்களுக்குத் தள்ளினேன். மார்ச்சு. இல்லை. பிப்ரவரி. மூன்றாவது வாரத்தில், அடுத்தடுத்து மூன்று வரிகள், ஒரே கிராமம், மூன்று பெண்கள். நடுவில் இருந்தது அவள் பெயர். இன்னாரின் விதவை என்று புருஷன் பெயர். மனையின் அளவு. உத்தரவு எண். கடைசிக் கட்டத்தில், நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய கோப்பு என்பதற்கான குறி. சில வருஷங்களில் அழித்துவிடுகிற வகையாக இருந்திருந்தால் கோப்பு எப்போதோ எரிந்திருக்கும்.

ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கேரியரில் கட்டினேன். ஆபீஸுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து மணிக்குச் சில நிமிஷங்கள் இருந்தன. புத்தகத்தில் எண் கிடைத்துவிட்டால் மிச்சம் சுலபம். கோப்புகளை எண் வரிசையில் கட்டி வைத்திருப்போம். கட்டை இறக்கி, கயிறு அவிழ்த்து, அந்த எண்ணை உருவினேன். ஓரம் கரையான் அரித்திருந்தது. உத்தரவும் கையெழுத்தும் முழுசாக இருந்தன. ஹெட் கிளார்க் எதிரில் கொண்டுபோய் வைத்தேன். அவர் நின்றுகொண்டே வாசித்தார்.

“தாசில்தாரு முகாம் போயிட்டாரு. காலையில எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவாரு. நோட்டு எழுது. எல்லாத்தையும் எழுது.”

“நாலு வரியிலயா அண்ணாச்சி?”

அவர் என்னை முறைத்தார். “எத்தனை வரி வேணும்னாலும் எழுதுலே.”

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் தாசில்தார் வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். ஹெட் கிளார்க் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தாசில்தார் வந்தபோது மணி எட்டு நாற்பது. நோட்டை வாசித்தார். புத்தகத்தைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார்.

“இல்லேன்னு எழுதினது யார்?”

“நான் சார்.”

“அந்தப் பத்திரிகைக்காரருக்குத் தப்பா வழி சொன்னது?”

“அதுவும் நான்தான் சார்.”

“கையெழுத்துப் போட்டது நான் சார்” என்றார் ஹெட் கிளார்க்.

தாசில்தார் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நோட்டின் ஓரத்திலேயே, வெளியேற்றும் உத்தரவை நிறுத்தி வைக்கும்படி எழுதிக் கையெழுத்திட்டார். “ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆளுகளோட ஏற்கெனவே கிளம்பியிருப்பார். நீயே கொண்டு போ” என்றார். நோட்டை என்னிடம் கொடுக்கும்போது, “எழுத்து மூலமா விளக்கம் கேட்டு மெமோ வரும்” என்றும் சொன்னார்.

மணி ஒன்பதேகால். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மிதித்தேன். குருசடி தெரிந்தபோது பத்து ஆகியிருக்கும். வீட்டுக்கு வெளியே பானை, சட்டி, பாய், ஒரு மரப்பெட்டி எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன. யாரும் தூக்கி எறிந்ததாகத் தெரியவில்லை. அவளே எடுத்து வைத்திருக்கிறாள். கூரையில் இரண்டு ஆள் நின்று முகட்டு ஓலையை உருவியிருந்தார்கள். அந்த இடைவெளியில் மழை உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அவள் அந்த மரப்பெட்டிமேல் பிஸ்கட் டின்னை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் குடைக்குள் வைத்து வாசித்தார். ஒரு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்தை உற்றுப் பார்த்தார்.

“எறங்குங்கப்பா” என்றார், கூரையில் இருந்தவர்களைப் பார்த்து. “உருவுன ஓலைய வச்சுட்டு எறங்குங்க.”

அவர்கள் ஓலையைப் பழையபடி செருகிவிட்டு இறங்கினார்கள். பிறகு அந்த அம்மாள் முன்னால் போய் நின்றேன். உங்கள் அம்மை சொன்னது காதில் இருந்தது.

“அம்மா, ஒங்க பேரு மொதல்லயே இருந்துச்சு. பத்திரிகைக்காரருக்கு வழி சொன்னவன் நான். ஜூலைக்கு முந்துன மாசம்னா இன்னொண்ணு கூட்டிக் கழிக்கணும்னு எழுதாம விட்டுட்டேன். அதனாலதான் வேற புத்தகத்துல தேடுனேன்.”

அவள் டின்னை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

“எத்தன வரி அது?”

“ஒரு வரிதான்.”

“ஒரு வரி எழுத வலிச்சு, ரெண்டு நாளு சைக்கிளு மிதிச்சீராக்கும்” என்றாள். சிரித்தாளா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியவில்லை. எழுந்து பாயை எடுத்தாள். “சும்மா நிக்காதீரும். அந்தப் பானையத் தூக்கும்.”

பானையைத் தூக்கினேன். எல்லாவற்றையும் உள்ளே கொண்டு போய் வைத்த பிறகு, பதிவேட்டில் தன் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பெயருக்குப் பக்கத்தில் புருஷன் பெயரும் இருக்கிறது என்றேன். “இருக்கட்டும்” என்றாள்.

ரோடு பிறகு வரத்தான் செய்தது. இரண்டு வருஷம் கழித்து, முறைப்படி அவள் நிலத்தை எடுத்துக்கொண்டு, ஊரை ஒட்டி வேறு மனை எழுதிக் கொடுத்தார்கள். அந்த உத்தரவை அவள் டின்னில் வைக்கவில்லை, கண்ணாடி போட்டு மாட்டிவிட்டாள் என்று பத்திரிகைக்காரர் சொன்னார்.

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். ஒரு வருஷம் தள்ளித்தான் நிரந்தரம் ஆனேன். அது சரியான தண்டனை என்றே எனக்குப் பட்டது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஊர் திரும்பிய பத்திரிகைக்காரர் நேராகப் பதிவறைக்கு வந்து, கம்பிக் கதவைப் பிடித்தபடி, “நான் கழிச்சது சரிதானே அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார். சரிதான் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, அவருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். பழைய மூன்று வரியை அப்படியே எழுதி, ‘தங்கள் உண்மையுள்ள’வைக் கணக்கில் சேர்க்காமல், புதிதாக இரண்டு வரி சேர்த்தேன். ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிக்கு ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்றைக் கழிக்க வேண்டும். பத்திரிகையில் வந்த தேதிக்கு முந்தைய தேதிகளில் தேட வேண்டும், உத்தரவு அதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்கும். ஹெட் கிளார்க் வரிகளை விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

“இதைப் பேப்பர்ல போடுவான்” என்றார்.

போட்டார். மூன்றாம் பக்கத்தில், கீழே. அதைக் கத்தரித்து நான் பதிவறைக் கதவில் ஒட்டினேன். பசை உப்புக் காற்றில் பிய்ந்துபோகும்போதெல்லாம், அங்கிருந்து மாறுதலாகிப் போகும்வரை, திரும்ப ஒட்டிக்கொண்டே இருந்தேன்.